மோட்டார் கடைக்காக ஒரு சின்ன பாட்காஸ்ட்: எவ்வளவு நேரம், யாரைப் பேச வைப்பது, கிளிப்பை எப்படி வெட்டுவது?

மோட்டார்கடை_பொள்ளாச்சி

எல்லோருக்கும் வணக்கம். பொள்ளாச்சி பக்கம் போர்வெல் மோட்டார் விற்பனையும் காயில் கட்டும் வேலையும் செய்கிறோம். அப்பா ஆரம்பித்த கடை. மார்ச் பிறந்தால் போன் கீழே வைக்க முடியாது. கேள்விகளும் அதே ஐந்தாறுதான்: மோட்டார் உறுமுது ஆனா ஓடமாட்டேங்குது, பேனல்ல ஆம்ஸ் ஏறுது, தண்ணி விட்டு விட்டு வருது, போன வருஷம்தான் காயில் கட்டினோம் மறுபடியும் போச்சு. இதற்கெல்லாம் ஒரு நாளைக்கு இருபது முறை பதில் சொல்வதற்குப் பதில், சின்னச் சின்ன ஆடியோவாகப் பேசி வைத்தால் என்ன என்று தோன்றியது. தோப்புக்காரர்கள் வேலை செய்துகொண்டே கேட்பார்கள், வீடியோ பார்க்க அவர்களுக்கு நேரம் இல்லை.

போன வாரம் தனியாக உட்கார்ந்து ஒன்று பதிவு செய்தேன். 22 நிமிடம் வந்தது. வீட்டில் போட்டுக் காட்டினேன், நாலு நிமிடத்துக்கு மேல் யாராலும் கேட்க முடியவில்லை. எவ்வளவு நேரம் வைக்கலாம், விருந்தினரைக் கூப்பிட வேண்டுமா, அதிலிருந்து துண்டு எடுத்து ஸ்டேட்டஸ், ஷார்ட்ஸ் போட என்ன வழி? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சென்னை_மார்க்கெட்டிங்

சார், நல்ல ஐடியா. ஆனால் ஆடியோ மட்டும் இன்றைக்கு எடுபடாது, வீடியோவாகவே எடுங்கள். வாரம் ஒன்று தவறாமல், 40 நிமிடமாவது இருக்கட்டும், அப்போதுதான் நிறைய கிளிப் வெட்டலாம். விருந்தினராக ஊரில் பெயர் உள்ளவர்களைப் பிடியுங்கள், அவர்கள் பின்னால் இருக்கும் கூட்டம் உங்களிடம் வரும். முக்கியமான இரண்டு விஷயம்: முதல் பத்து விநாடியில் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், கிளிப்பில் எழுத்து ஓட வேண்டும். பாதிப் பேர் சத்தம் இல்லாமல்தான் பார்க்கிறார்கள்.

மதுரை_பேக்கரி

அண்ணா, நாங்கள் போன தீபாவளிக்கு எஃப்.எம்.மில் 20 விநாடி விளம்பரம் கொடுத்தோம். குரல் கொடுப்பவருக்குத் தனி, ஒளிபரப்புக்குத் தனி என்று காசு போனது. எந்த நேரத்தில் போட்டார்கள் என்பதே எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. நீங்கள் கொடுப்பதாக இருந்தால் காலை ஆறு மணி விவசாய நிகழ்ச்சிக்குப் பக்கத்தில் கேட்டு வாங்குங்கள்.

மோட்டார்கடை_பொள்ளாச்சி

தம்பி, நான் கேட்பது ரேடியோ விளம்பரம் இல்லை, நாமே பதிவு செய்து நாமே போடும் தொடர். ஆனாலும் நேரம் பற்றிச் சொன்னது மனசில் வைத்துக்கொள்கிறேன், காலையில்தான் எங்கள் ஆட்கள் போனை எடுப்பார்கள்.

ஒலி_கோவை

ஒன்பது வருடமாகப் பிறருக்குப் பாட்காஸ்ட் எடிட் செய்து கொடுக்கிறேன். கடைக்காரர்கள் ஆரம்பித்துப் பாதியில் விட்ட தொடர்கள் நிறைய என் கையில் வந்து நின்றிருக்கின்றன, அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நேரம். வாரம் 40 நிமிடம் என்பதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கடையைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது, மூன்றாவது வாரமே நின்றுவிடும். உங்கள் 22 நிமிடம் ஏன் கேட்க முடியவில்லை என்றால், அதில் நான்கு கேள்விக்கான பதில் ஒன்றாகக் கலந்திருக்கும். ஒரு எபிசோடுக்கு ஒரே கேள்வி என்று வையுங்கள், ஆறிலிருந்து எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பேசிக்கொண்டிருக்கும்போது "இன்னொரு விஷயம் என்னன்னா" என்று உங்கள் வாயில் வந்தால், அதுதான் அடுத்த எபிசோடு. அங்கேயே நிறுத்துங்கள்.

தொடருக்கு ஒரு முடிவும் வையுங்கள். "வாராவாரம்" என்று சொல்லாதீர்கள். "கோடைக்கு முன்னாடி எட்டு கேள்வி" என்று சொல்லுங்கள். எட்டு முடிந்தால் அது முழுத் தொடர், பத்தாவது வாரம் நின்றால் அது கைவிட்ட தொடர். முதல் எபிசோடை வெளியிடும்போது கையில் மூன்றாவது தயாராக இருக்க வேண்டும். ஒரு வாரம் கல்யாணம், ஒரு வாரம் காய்ச்சல் என்று வராமலா இருக்கும்?

ஆரம்பத்தில் "வணக்கம், நான் இன்னார், எங்கள் கடை இத்தனை வருடமாக" என்று போகாதீர்கள். ஒரு வாடிக்கையாளர் கேட்ட கேள்வியை அவர் குரலிலேயே போடுங்கள். "ஏனுங்க, மோட்டார் உறுமுது, ஓடமாட்டேங்குது" என்று ஒரு தோப்புக்காரர் கேட்டால், அதே தொல்லை உள்ளவர் அடுத்த விநாடி காது கொடுப்பார். பெயர், கடை எல்லாம் கடைசியில் பத்து விநாடி போதும். விலையை மட்டும் ஆடியோவில் சொல்லாதீர்கள். நாளைக்கு மாறும், ஆனால் ஆடியோ ஊர் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பதிவுக்குப் போன் போதும். ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, காலர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். வெறும் சுவர் உள்ள குடோனில் பேசினால் கிணற்றுக்குள் பேசுவது போல இருக்கும். துணிமணி, மெத்தை இருக்கும் அறை நல்லது, நிறுத்திய காருக்குள் அதைவிட நல்லது.

சென்னை_மார்க்கெட்டிங்

வாரம் 40 நிமிடம் கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விருந்தினர் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெயர் தெரிந்த ஆள் இல்லையென்றால் புதிதாக யார் வந்து கேட்பார்கள்?

மோட்டார்கடை_பொள்ளாச்சி

நானும் அப்படித்தான் நினைத்தேன். பம்பு கம்பெனி ஏரியா மேனேஜர் ஒருவர், வேளாண் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், இந்த இரண்டு பேரையும் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

ஒலி_கோவை

இரண்டு பேரும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் மேனேஜர் கம்பெனி சொல்லிக் கொடுத்ததைத்தான் பேசுவார், பேராசிரியர் வகுப்பு எடுப்பது போலப் பேசுவார். மைக் முன்னால் பழக்கம் உள்ளவர்களிடம் இந்தத் தொல்லை உண்டு, ஏற்கெனவே பத்து இடத்தில் பேசியதை உங்களிடமும் பேசுவார்கள்.

உங்கள் கடையில் காயில் கட்டுபவர் இருக்கிறார் இல்லையா? எரிந்த மோட்டாரைத் திறந்தவுடன் அவருக்கு என்ன தெரியும் என்று யோசியுங்கள். அதை வேறு யாரிடமும் கேட்க முடியாது.

மோட்டார்கடை_பொள்ளாச்சி

அவரா? அப்பா காலத்திலிருந்து இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். ஆனால் நீங்கள் சொன்னது சரி. காயிலைப் பார்த்தே சொல்லிவிடுவார். சில காயில்கள் மட்டும் வெந்து, மீதி புதுசு போல இருந்தால் ஓடும்போது ஒரு பேஸ் போயிருக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி வெந்திருந்தால் வோல்டேஜ் குறைந்து ஓடியிருக்கிறது, இல்லையென்றால் லோடு கூடியிருக்கிறது. விவசாயி "மட்டமான காயில் கட்டிட்டீங்க" என்று சண்டைக்கு வந்தால், அவர் ஒன்றும் பேசாமல் காயிலை எடுத்து முன்னால் வைப்பார்.

ஒலி_கோவை

சார், நீங்கள் இப்போது எழுதிய பத்திதான் உங்கள் முதல் எபிசோடு.

பேசாத ஆளைப் பேச வைப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. "உங்கள் அனுபவத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் நாற்பது வருட அனுபவம் உள்ளவரும் இரண்டு வரியில் முடித்துவிடுவார். கையில் ஒரு எரிந்த காயிலைக் கொடுத்துவிட்டு, "இது எதனால போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேளுங்கள். பொருள் கையில் இருந்தால் வாய் தானாக வரும். கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்காதீர்கள், பதிலையும் எழுதி வைத்துப் படிக்க ஆரம்பிப்பார். எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பதை மட்டும் முந்தின நாள் சொல்லுங்கள்.

முடிந்தது என்று சொன்ன பிறகும் ரெக்கார்டிங்கை நிறுத்தாமல் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள், அவருக்கும் தெரியட்டும். டீ வந்ததும்தான் நல்ல பேச்சு வரும்.

வெளியூர் ஆளாக இருந்தால் போன் காலைப் பதிவு செய்யாதீர்கள், குரல் மெலிந்து தகர டப்பாவுக்குள் இருப்பது போல வரும். இருவரும் போனில் பேசிக்கொள்ளுங்கள், ஆனால் அவரவர் பக்கத்தில் இன்னொரு போனில் தனியாகப் பதிவு செய்யுங்கள். ஆரம்பத்தில் இருவரும் ஒரு முறை கை தட்டினால் பிறகு இரண்டு பதிவையும் அதை வைத்து ஒட்டிவிடலாம். பதிவை வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினால் தரம் போய்விடும், டாக்குமென்ட் என்று அனுப்பச் சொல்லுங்கள்.

காஞ்சி_பட்டு

நான் புடவைக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு ஐந்து எபிசோடு போட்டேன். விருந்தினர் விஷயத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்தவரைப் பேச வைத்தேன். அருமையாகப் பேசினார். அதிலிருந்து அரை நிமிடம் வெட்டி ரீல்ஸ் போட்டேன், என் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் ஓடியது. பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார். "அக்கா, முதலாளி கோபமா இருக்கார், எடுத்துடுங்க" என்றார். அவர் எந்தத் தப்பும் சொல்லவில்லை, ஆனால் எந்தச் சாயம் வெளுக்கும் என்று சொன்னது முதலாளிக்குத் தன்னைச் சொன்னது போல இருந்திருக்கிறது. நான் உடனே எடுத்துவிட்டேன், ஆனால் அதற்குள் எத்தனை குழுவில் போயிருந்ததோ. அவர் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு மாதம் எனக்குத் தூக்கமில்லை.

அதற்குப் பிறகு, முழுப் பேச்சைப் போட ஒரு அனுமதி, துண்டு வெட்டிப் போட ஒரு அனுமதி என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறேன். பதிவின் ஆரம்பத்திலேயே அவர் வாயால் சொல்ல வைக்கிறேன். எந்தத் துண்டு என்பதைப் போடுவதற்கு முன் அனுப்பிக் காட்டுகிறேன். உங்கள் காயில் கட்டுபவர் உங்களிடமே வேலை செய்பவர் என்பதால் இன்னும் கவனமாக இருங்கள் அண்ணா. முதலாளி கேட்டால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வருமா?

மோட்டார்கடை_பொள்ளாச்சி

இதை நான் யோசிக்கவே இல்லை அக்கா. வீட்டம்மாவை விட்டுக் கேட்கச் சொல்கிறேன், அவரிடம் மனசில் உள்ளதைச் சொல்வார்.

ஒலி_கோவை

அடுத்து கிளிப். இதில்தான் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். முழுசாகப் பதிவு செய்துவிட்டு அப்புறம் உட்கார்ந்து நல்ல துண்டைத் தேடுகிறார்கள். கிடைக்காது. கிளிப் பதிவு செய்யும்போதே உருவாக வேண்டும்.

காரணம், நாம் தமிழில் பேசும்போது "அது", "அப்படி", "அந்த மாதிரி" என்றுதான் பேசுகிறோம். நீங்கள் "கெப்பாசிட்டர் போனால் என்ன ஆகும்?" என்று கேட்பீர்கள். அவர் "அது போச்சுன்னா இப்படித்தான் உறுமும்" என்பார். முழு எபிசோடில் இது நன்றாகப் புரியும். உங்கள் கேள்வியை வெட்டிவிட்டு இந்தப் பதிலை மட்டும் எடுத்தால், எது போனது, எது உறுமுகிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

அதனால் நல்ல பதில் ஒன்று வந்தவுடன் அவரை நிறுத்தி, "இதையே இப்ப கடைக்குள்ள நுழைஞ்ச ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி ஒரு தடவை சொல்லுங்க" என்று கேளுங்கள். பொருளின் பெயரோடு ஆரம்பிப்பார். சொல்லி முடித்ததும் மைக் பக்கத்தில் ஒரு தட்டு தட்டுங்கள். எடிட்டிங்கில் அந்த இடம் ஊசி போல உயர்ந்து நிற்கும், முழுப் பதிவையும் மறுபடி கேட்க வேண்டாம். ஆடாசிட்டியில் என்றால் அந்தப் பகுதியைத் தேர்ந்து `Ctrl+B` அழுத்திப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எபிசோடுக்கு இரண்டு கிளிப், மிஞ்சினால் மூன்று. 30 முதல் 45 விநாடி. பின்னணிக்கு எரிந்த காயிலின் ஒரு படம் போதும், வீடியோ எடுக்க வேண்டியதில்லை. எழுத்து விஷயத்தில் சென்னைக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் தானாக வரும் தமிழ் எழுத்தை நம்பாதீர்கள், கொங்குப் பேச்சையும் காயில், பேஸ் போன்ற சொற்களையும் கண்டபடி எழுதும். கையால் அடித்துவிடுங்கள். எழுத்தை நடுவில் வையுங்கள், அடியில் வைத்தால் பொத்தான்கள் மறைக்கும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடவே போடாதீர்கள், யூடியூபில் உரிமைக் கோரல் வரும்.

தோப்பு_ஆனைமலை

நான் கேட்கிற பக்கத்து ஆள். தென்னைக்குத் தண்ணி பாய்ச்சும் நேரத்தில் போனில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பாட்டிஃபை எல்லாம் எங்களுக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் வந்தால் கேட்போம், நல்லா இருந்தால் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்புவோம். அவ்வளவுதான்.

ஒலி_கோவை

அண்ணா சொல்வது சரி, அதற்கும் வழி இருக்கிறது. பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 போதும். நிமிடத்துக்கு அரை எம்.பி. கூட வராது, ஏழு நிமிடம் என்றால் மூன்றரை எம்.பி.க்குள் அடங்கும், சிக்னல் குறைந்த இடத்திலும் இறங்கிவிடும். பிராட்காஸ்ட் லிஸ்ட்டை மட்டும் நம்பாதீர்கள். ஒரு லிஸ்ட்டில் 256 பேர்தான், அதிலும் உங்கள் நம்பரைச் சேமித்தவருக்குத்தான் போகும். ஒரு வாட்ஸ்அப் சேனல் ஆரம்பித்து, க்யூஆர் கோடை பில் அடிக்கும் மேஜையில் ஒட்டுங்கள். ஸ்பாட்டிஃபையிலும் ஏற்றி வையுங்கள், செலவில்லை, எல்லா எபிசோடும் ஒரே இடத்தில் வரிசையாக இருக்கும்.

சென்னை_மார்க்கெட்டிங்

இங்கே எனக்கு உடன்பாடு இல்லை. வாட்ஸ்அப்பில் ஃபைலாக அனுப்பினால் யார் எத்தனை நிமிடம் கேட்டார்கள் என்று எப்படித் தெரியும்? யூடியூபில் போட்டால் எந்த விநாடியில் ஆட்கள் விலகுகிறார்கள் என்று கோடு போட்டுக் காட்டும். அது தெரியாமல் அடுத்த எபிசோடை எப்படிச் சரிசெய்வது?

ஒலி_கோவை

அது நியாயமான கேள்வி. யூடியூபிலும் சேர்த்துப் போட்டு அந்தக் கோட்டைப் பார்க்கலாம். ஆனால் யூடியூபில் கேட்பவரும் தோப்பில் கேட்பவரும் ஒரே மாதிரி விலகுவார்களா? எனக்கு அதில் சந்தேகம்தான்.

மோட்டார்கடை_பொள்ளாச்சி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். இரண்டு எபிசோடு போட்டாகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் காயில்காரர் சம்மதித்தார், பெயர் மட்டும் வேண்டாம் என்றார், போடவில்லை. முதலில் பட்டறையிலேயே உட்கார்ந்தோம், பக்கத்து லேத் சத்தம் வந்தது. அப்புறம் வேனுக்குள் உட்கார்ந்து, மடியில் எரிந்த காயிலை வைத்துக்கொண்டு பேசினோம். 41 நிமிடம். அதில் 7 நிமிடம் 20 விநாடி எடுத்தேன். வெட்டுவதற்கு இரண்டு ராத்திரி ஆனது. இரண்டாவது எபிசோடில் ஒரு கேள்விக்கு மேல் போகாமல் பிடித்து வைத்தேன், 19 நிமிடம்தான் பதிவு, ஒரே ராத்திரியில் முடிந்தது.

முதல் எபிசோடின் காயில் கிளிப் நன்றாகப் போனது. "சில காயில் மட்டும் வெந்திருந்தா உங்க பேஸ் போயிருக்கு, எல்லாக் காயிலும் வெந்திருந்தா வோல்டேஜைப் பாருங்க" என்று அவர் சொன்னது அப்படியே 34 விநாடி. கடைக்கு வந்த நாலு பேர் அந்த வரியை என்னிடமே திருப்பிச் சொன்னார்கள்.

இரண்டாவதில் ஒரு தப்பு நடந்துவிட்டது. சிங்கிள் பேஸ் மோட்டார் உறுமி நின்றால் கெப்பாசிட்டரைப் பார்க்க வேண்டும் என்று பேசினோம். அதில், வோல்டேஜ் குறைந்தாலும், பம்பில் மணல் இறுகினாலும் இதே மாதிரிதான் உறுமும், அதனால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள், கெப்பாசிட்டர் மாற்றினால் பழையதில் போட்ட அதே அளவுதான் போட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். ஆனால் அது அரை நிமிடம் தள்ளி வருகிறது. நான் வெட்டிய கிளிப்பில் "உறுமி நின்னா பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான், மாத்திப் பாருங்க" என்பதோடு முடிந்துவிட்டது. ஒருவர் கிளிப்பைக் கேட்டு, கையில் கிடைத்த பெரிய அளவு கெப்பாசிட்டரைப் போட்டு ஓட்டியிருக்கிறார். மோட்டார் சூடாகி காயில் போய்விட்டது. நேராகக் கடைக்குக் கொண்டு வந்தார். கூலி வாங்காமல் கட்டிக் கொடுத்தேன்.

காஞ்சி_பட்டு

எடுத்துவிடுங்கள் அண்ணா. மற்றதெல்லாம் அப்புறம்.

சென்னை_மார்க்கெட்டிங்

எடுத்தால் நின்றுவிடுமா? வாட்ஸ்அப்பில் போனது போனதுதான். எடுப்பதைவிட, சரியான கிளிப்பை அதே படத்தோடு போட்டு "முந்தினதைக் கேட்டவர்கள் இதையும் கேளுங்கள்" என்று அனுப்புங்கள். பழையது போன வழியிலேயே இதுவும் போகும்.

ஒலி_கோவை

இரண்டையும் செய்யுங்கள். நீக்கவும் வேண்டும், திருத்தமும் அனுப்ப வேண்டும். தவறு வெட்டியதில் மட்டும் இல்லை சார். எச்சரிக்கை அரை நிமிடம் தள்ளி வந்தால் யார் வெட்டினாலும் அது விட்டுப்போகும். அதனால் கேட்பவர் கையை வைத்துச் செய்யக்கூடிய விஷயம் எதுவாக இருந்தாலும், நிபந்தனையை முதலில் சொல்ல வையுங்கள். "மெயினை ஆஃப் பண்ணிட்டு, வோல்டேஜ் சரியா இருந்தா மட்டும், பழையதுல போட்டிருக்கிற அதே அளவு கெப்பாசிட்டரை எலக்ட்ரீசியனை வச்சு மாத்துங்க" என்று ஒரே மூச்சில் வந்துவிட்டால் அதை யாராலும் பிரிக்க முடியாது. அப்படி ஒரே வாக்கியத்தில் அடங்காத விஷயத்துக்குக் கிளிப்பே வேண்டாம். "எப்படிக் கண்டுபிடிப்பது" என்பது கிளிப்புக்கு ஏற்றது. "எப்படிச் சரிசெய்வது" என்பது முழு எபிசோடில் இருக்கட்டும்.

மோட்டார்கடை_பொள்ளாச்சி

நீக்கிவிட்டேன். நாளைக்குக் காலையில் வேனில் உட்கார்ந்து அந்தப் பதிலை மட்டும் திரும்பப் பேசுகிறோம். காயில்காரரே "நான் சொன்னதுல பாதியை வெட்டிட்டீங்க" என்று வருத்தப்பட்டார். இனி கிளிப்பை அவர் கேட்ட பிறகுதான் போடுவேன்.

மூன்றாவது எபிசோடுக்குக் கேள்வி தேடிக்கொண்டிருக்கிறேன்.

தோப்பு_ஆனைமலை

என்னுடையதைக் கேளுங்க. காலையில் போட்டதும் இருபது நிமிஷம் தண்ணி முட்டிக்கிட்டு வருது. அப்புறம் காத்தும் தண்ணியுமா துப்புது, கொஞ்ச நேரத்துல பேனலே நிறுத்திடுது. ஒரு மணி நேரம் விட்டுப் போட்டா மறுபடி இருபது நிமிஷம் வருது. மோட்டாரை மாத்தச் சொல்றாங்க.

மோட்டார்கடை_பொள்ளாச்சி

மாற்றாதீங்க அண்ணா, பொறுங்க. இப்ப எழுதினதை இதே வார்த்தையில், தோப்பில் நின்றபடியே ஒரு தடவை பேசி எனக்கு டாக்குமென்ட்டாக அனுப்புங்க. அந்தத் துப்புகிற சத்தமும் விழுந்தால் ரொம்ப நல்லது.